ஆயிரம் பேர் வரும் கும்பாபிஷேகத்துக்கு எத்தனை கழிப்பறை, எத்தனை கை கழுவும் குழாய், எத்தனை முறை சுத்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்க் கோயில் கும்பாபிஷேகம். காலை ஏழு மணிக்குக் கூட்டம் சேரத் தொடங்கும். பத்து மணியளவில் கலசத்தில் தீர்த்தம் ஊற்றுவார்கள். பதினொன்றரைக்கு அன்னதானம் தொடங்கி மூன்று மணிக்குள் கூட்டம் கலையும். மண்டபம் கிடையாது, பக்கத்துத் திடலில் பந்தல் போட்டுத் தற்காலிகக் கழிப்பறைகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் இந்த ஒரு விழாவை வைத்துப் போட்டவை. உங்கள் விழாவின் நேரமும் கூட்டமும் வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை அதேதான்.

"ஆயிரம் பேருக்குப் பத்து கழிப்பறை போதும் என்று பந்தல்காரர் சொல்கிறார். சரியா?"

நூறு பேருக்கு ஒன்று என்ற கணக்கு எங்கும் சொல்லப்படுகிறது. அதில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போகின்றன. பெண்கள் எத்தனை பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் எப்போது வருவார்கள் என்பவை அவை. நாள் முழுக்க ஆயிரம் பேர் சீராக வந்து போனால் பத்தே அதிகம். தீர்த்தம் தெளித்து முடிந்ததும் கூட்டம் மொத்தமாக நகரும் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

கோயில் விழாவில் பெண்கள் சற்று அதிகம் வருவார்கள். 550 பெண்கள், 450 ஆண்கள் என்று வைத்துக்கொள்வோம். நெரிசலான ஒரு மணி நேரத்தில் பெண்களில் நூற்றுக்கு முப்பது பேர் கழிப்பறையைத் தேடுவார்கள் என்று கொண்டால் 165 பேர். புடவை கட்டியவர் உள்ளே போய், தாழ்ப்பாள் போட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வரச் சராசரியாக 3 நிமிடம் பிடிக்கும். குழந்தையோடு வருபவருக்கு இன்னும் கூடும். ஓர் அறையில் மணிக்கு 20 பேர் போகலாம் என்று காகிதத்தில் வரும். கதவு திறந்து அடுத்தவர் நுழையும் இடைவெளி, வாளி நிரம்பக் காத்திருப்பது, நடுவில் கழுவுவது எல்லாம் போக 15 பேர்தான் கைக்கு வரும். 165-ஐ 15-ஆல் வகுத்தால் 11. ஓர் அறை அடைத்துக்கொண்டாலும் விழா நிற்காமல் இருக்க ஒன்று கூட்டி 12.

ஆண்களில் நூற்றுக்கு இருபத்தைந்து என்று கொண்டால் 112 பேர். அவர்களில் 95 பேருக்குச் சிறுநீர்த் தொட்டி போதும். ஒரு தொட்டியில் மணிக்கு 40 பேர் போகலாம் என்பதால் கணக்கில் மூன்றுதான் வரும். ஆனால் ஆண்கள் கும்பலாக வருவார்கள், ஆகவே ஐந்து வையுங்கள். தொட்டி குறைந்தால் அவர்கள் சுவரையும் வேலியையும் தேடிப் போவார்கள். மீதி 17 பேருக்கு இரண்டு அறை போதும். அடைப்புக்கு ஒன்று சேர்த்து மூன்று.

இவற்றோடு சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஓர் அறை தனியாக வேண்டும். சமையல்காரர், பந்தல் ஆட்கள், துப்புரவுப் பணியாளர்களுக்கு இரண்டு அறைகள் தனியாக வேண்டும். மொத்தம் 18 அறைகளும் 5 தொட்டிகளும்.

"பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 3 என்றால் கமிட்டியில் சண்டை வருகிறது. ஆறு ஆறாக வைத்தால் என்ன ஆகும்?"

வரிசையைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். தீர்த்தம் தெளித்து முடிந்த பத்து நிமிடத்தில் 60 பெண்கள் வந்து சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியை விட்டுவிட்டு ஒருவருக்கு 3 நிமிடம் என்ற காகிதக் கணக்கையே எடுத்தாலும், 12 அறை இருந்தால் அந்தப் பத்து நிமிடத்தில் 40 பேர் போய்விடுவார்கள். இருபது பேர் நிற்பார்கள், கடைசியில் நிற்பவருக்கு 5 நிமிடம் காத்திருப்பு. ஆறே அறை என்றால் 20 பேர்தான் போயிருப்பார்கள். நாற்பது பேர் நிற்பார்கள், கடைசியில் நிற்பவருக்கு 20 நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த கூட்டமும் வந்து சேரும். பெண்கள் அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவதற்கு இந்த வரிசைதான் காரணம். வெயிலில் மயக்கம் போட்டு விழுவது அடுத்தபடி.

பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் கையேடும், ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்ற விகிதத்தைத்தான் சொல்கிறது. ஆண்களுக்கு 3 அறை, 5 தொட்டி என்று சேர்த்துப் பார்த்தால் அவர்களுக்கும் எட்டு இடங்கள் இருக்கின்றன. இந்தக் கணக்கில் யாருக்கும் குறை வைக்கவில்லை.

"அறைக்குள் என்னென்ன இருக்க வேண்டும்?"

வாடகைக்குக் கொடுப்பவரிடம் ‘அறை’ என்று மட்டும் சொன்னால் தகரச் சுவரும் பீங்கானும்தான் வரும். உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள், பையையும் முந்தானையையும் மாட்ட ஒரு கொக்கி, குழாய்க்கு அடியில் 15 லிட்டர் வாளி, குவளை, மேலே காற்று போக இடைவெளி, விளக்கு. பெண்கள் அறை ஒவ்வொன்றிலும் நாப்கின் போட மூடியுள்ள சிறு குப்பைத்தொட்டி. இது இல்லாவிட்டால் நாப்கின் பீங்கானுக்குள் போகும். மதியத்துக்குள் அடைத்துக்கொள்ளும் அறைகளில் பாதிக்குக் காரணம் அதுதான் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

முழங்கால் வலியுள்ள பாட்டிகள் கோயில் விழாவுக்கு நிறைய வருவார்கள். பன்னிரண்டில் மூன்றாவது உட்கார்ந்து போகும் வெஸ்டர்ன் வகையாக இருக்கட்டும். அவற்றின் கதவில் படத்தோடு எழுதி ஒட்டுங்கள். சக்கர நாற்காலி அறைக்கு 90 செ.மீ. அகலக் கதவும், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமுள்ள சரிவும், பிடித்து எழக் கம்பியும் வேண்டும். செங்குத்தான பலகையைச் சாய்த்து வைத்தால் நாற்காலி பின்னால் உருளும்.

கோயில் விழாவுக்கென்று இன்னொன்றும் உண்டு. பெரும்பாலானவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இருப்பார்கள். கழிப்பறை வாசலில் இருபது ஜோடி ரப்பர் செருப்பு போட்டு வையுங்கள். வெளியே வரும் வழியில் கால் கழுவ இரண்டு குழாய் தாழ்வாக வையுங்கள். இல்லாவிட்டால் கழிப்பறை ஈரம் அதே காலோடு பந்திக்கும் சந்நிதிக்கும் போகும்.

"எங்கே வைப்பது?"

சமையல் பந்தலுக்கும் பந்திக்கும் காற்று போகும் திசையில், அதாவது நாற்றம் அவற்றை விட்டு விலகிப் போகும் பக்கத்தில். கிணறு, ஆழ்துளைக் கிணறு, குளம் எதுவாக இருந்தாலும் குழியோ தொட்டியோ அதிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஆனால் கூட்டம் இருக்கும் இடத்திலிருந்து ரொம்பத் தள்ளியும் வைக்காதீர்கள். ஐம்பது, அறுபது மீட்டருக்கு மேல் போனால் குழந்தைகளையும் முதியவர்களையும் கூட்டிப்போக மாட்டார்கள். பெண்கள் வாசலும் ஆண்கள் வாசலும் எதிரெதிரே பார்க்கக் கூடாது. கழிவுநீர் லாரி பின்பக்கம் வந்து நிற்கப் பாதை விட்டுவையுங்கள். இந்தப் பாதையை மறந்துவிட்டுப் பந்தல் கால் நட்டபின், குழாயை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில்தான் வர வேண்டியிருக்கும்.

"கை கழுவ எத்தனை குழாய்?"

இதற்கு ஆயிரம் என்ற எண்ணே தேவையில்லை. ஒரு பந்தியில் எத்தனை இலை போடுகிறீர்கள் என்று சொன்னால் போதும். நம் வழக்கத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் எழுவார்கள். 250 இலை என்றால் ஐந்து நிமிடத்துக்குள் 250 பேர் சாம்பார்க் கையோடு குழாயடியில் நிற்பார்கள்.

கை கழுவி வாய் கொப்பளித்து நகர ஒருவருக்கு 30 வினாடி. ஐந்து நிமிடத்தில் ஒரு குழாயில் 10 பேர். ஆகவே 250 பேருக்கு 25 குழாய். எட்டுக் குழாய்க் கொத்தாக மூன்று வைத்தால் 24 ஆகும், அது போதும். குழாய்க்குக் குழாய் 60 செ.மீ. இடைவெளி விட்டால் ஒரு கொத்து 16 அடி நீளம் வரும். இருபுறமும் நின்று கழுவும்படி நடுவில் தொட்டி வைத்தால் எட்டடியில் முடியும். ஒவ்வொரு கொத்திலும் ஒரு குழாயைக் குழந்தைகளுக்கு எட்டும்படி ஒன்றே முக்கால் அடி உயரத்தில் வையுங்கள்.

கழிப்பறைப் பக்கம் தனியாக ஆறு குழாய். பந்திக் குழாயையே கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கழிப்பறையிலிருந்து பந்தி வரை கழுவாத கையோடு நடந்து வருபவர்களில் பலர் அதைத் தாண்டி நேராக இலையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

"அத்தனை குழாய் வைக்க இடமோ பணமோ இல்லையென்றால்?"

பந்தியைச் சின்னதாக்குங்கள். 250 இலையை 150 ஆக்கினால் குழாய் 25-லிருந்து 15 ஆகக் குறையும். நான்கு பந்தி ஏழாகும், அன்னதானம் ஒன்றரை மணி நேரம் நீளும். அதைச் சரிக்கட்ட, 75 இலையாக இரண்டு பக்கமும் பந்தி போட்டு, ஒரு பக்கம் பாயசத்துக்கு வரும்போது அடுத்த பக்கம் இலை போடத் தொடங்குங்கள். அப்போது ஒரே நேரத்தில் எழுபவர்கள் 75 பேர்தான், எட்டுக் குழாயிலேயே சமாளிக்கலாம். பரிமாறுபவர்களுக்கு ஓய்வில்லாத வேலை என்பது உண்மை. ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

"குழாய் வைத்தோம், தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. ஏன்?"

எட்டுக் குழாயை முக்கால் அங்குலப் பைப்பில் கோத்திருப்பார்கள். ஒன்றைத் திறந்து பார்த்தபோது நன்றாக வந்திருக்கும். எட்டும் திறந்தால் முதல் மூன்றுக்குத்தான் தண்ணீர். பிரதானப் பைப் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தொட்டியின் அடிமட்டம் குழாய்க்கு ஆறடி மேலேயாவது இருக்க வேண்டும்.

அதே சமயம் முழு வேகத்திலும் விடாதீர்கள். ஒவ்வொரு குழாய்க்கும் முன்னால் உள்ள வால்வைத் திருகி நிமிடத்துக்கு 3 லிட்டர் வரும்படி வையுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப இருபது வினாடி ஆனால் அளவு சரி. அந்த வேகத்தில் ஒருவர் அரை நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் செலவழிப்பார். பந்திக்கு 375 லிட்டர், ஒரு கொத்துக்கு 125 லிட்டர். கொத்துக்கு ஒரு 500 லிட்டர் தொட்டி வைத்தால் நான்கு பந்திக்கும் சரியாக வரும். சாப்பிடுமுன் கழுவுவதற்கும் சேர்த்து இரண்டாம் பந்தி முடிந்ததும் ஒருமுறை நிரப்பிவிடுங்கள்.

விழாவுக்கு முந்தைய நாள் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் திறந்துவிட்டுப் பாருங்கள். பைப்பில் உள்ள கோளாறு வேறு எப்படியும் தெரியாது.

"மொத்தம் எவ்வளவு தண்ணீர் வாங்குவது?"

ஒருவர் சராசரியாக ஒன்றரை முறை கழிப்பறைக்குப் போவார் என்று கொண்டால் பெண்கள் பக்கம் 825 முறை. முறைக்கு 5 லிட்டர் வீதம் 4,125 லிட்டர். ஆண்கள் அறைகளுக்கு 600, சிறுநீர்த் தொட்டிகளுக்கு ஊற்ற 575. ஆக 5,300. அறைகளைக் கழுவ 800. கழிப்பறைக்குப் பின் கை கழுவ 1,500. பந்திக்கு முன்னும் பின்னும் கை கழுவ 2,000. கூட்டினால் 9,600 லிட்டர். திறந்தே விடப்படும் குழாய், கால் கழுவுதல் இவற்றையும் சேர்த்தால் ஒரு 12,000 லிட்டர் டேங்கர் லாரி சரியாக இருக்கும். சமையலுக்கும் குடிக்கவும் தனி. அந்தத் தொட்டியோடு இதை இணைக்கவே கூடாது.

லாரி காலை ஆறு மணிக்கு முன் வந்து ஊற்றிவிட்டுப் போக வேண்டும். கூட்டம் சேர்ந்தபின் திடலுக்குள் நுழைய முடியாது. தண்ணீர் தீர்ந்த கழிப்பறை பத்து நிமிடத்தில் பயனில்லாமல் போகும். அதனால் பணம் குறைந்தால் இரண்டு அறையைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

சோப்பு திரவமாக வாங்குங்கள். ஏறத்தாழ 3,500 முறை கை கழுவ, முறைக்கு 2 மி.லி. என்று 7 லிட்டர். இரண்டு குழாய்க்கு ஒரு அமுக்கும் பாட்டில் வைத்துக் கம்பியால் கட்டிவிடுங்கள். சோப்புக் கட்டி முதல் பந்தியிலேயே சாக்கடையில் விழும்.

"கழிவு எங்கே போகும்?"

வாடகைக்குப் பேசும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. கழிப்பறைக்குள் ஊற்றும் 5,300 லிட்டரும், கழுவும் 800 லிட்டரும் எங்காவது சேர்ந்தாக வேண்டும். நடமாடும் கழிப்பறைகளின் அடியில் உள்ள தொட்டி எத்தனை லிட்டர் என்று எழுதி வாங்குங்கள். எல்லாத் தொட்டியும் சேர்த்து 3,000 லிட்டர்தான் என்றால், அன்னதானம் தொடங்கும் நேரத்துக்கே நிரம்பிவிடும். அப்போது பீங்கானில் தண்ணீர் மெதுவாக இறங்கும், பிறகு குமிழி விடும், கடைசியில் மேலே வரும். மெதுவாக இறங்கும்போதே லாரியைக் கூப்பிட வேண்டும். அதைவிட, பதினொரு மணிக்கு ஒருமுறை, விழா முடிந்ததும் ஒருமுறை என்று கழிவுநீர் லாரியை முன்பே பேசி வைப்பது நல்லது. நகராட்சியோ ஊராட்சியோ அனுமதித்த இடத்தில்தான் கொட்ட வேண்டும், ஓடையிலோ ஏரியிலோ அல்ல.

அடைத்துக்கொண்டால் தொட்டிக்குள் ஆளை இறக்கச் சொல்லாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே இருக்கும் வாயு ஒரு நிமிடத்தில் உயிரைப் பறிக்கும்.

கை கழுவும் தண்ணீர் வேறு வழியில் போகட்டும். அதில் சோறும் கறிவேப்பிலையும் முருங்கைச் சக்கையும் வரும். வடிகால் வாயில் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலைக் கூடை போட்டு, ஒவ்வொரு பந்திக்குப் பிறகும் எடுத்துக் குப்பையில் தட்டுங்கள். கூடை இல்லாத தொட்டி இரண்டாம் பந்தியில் நிரம்பி வழியும், பந்திக்குப் போகும் வழியெல்லாம் சேறாகும்.

"எத்தனை மணிக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?"

மணிக்கு ஒருமுறை என்று வைத்தால் காலை எட்டு மணிக்கு வீண் வேலை, மதியம் பன்னிரண்டு மணிக்குப் போதாத வேலை. நெரிசலில் ஓர் அறையை மணிக்கு 15 பேர் பயன்படுத்துகிறார்கள். ஏழெட்டு பேர் போனபின் தரை நனைந்து சேறாகும், அதற்குள் ஒருமுறை பார்த்தாக வேண்டும். ஆக நெரிசலில் அரை மணிக்கு ஒரு சுற்று, மற்ற நேரத்தில் மணிக்கு ஒரு சுற்று.

இந்தச் சிறு சுற்றில் தண்ணீர் ஊற்றி, தேவைப்பட்டால் பிரஷ் போட்டு, வைப்பரால் தரையை இழுத்து, வாளி நிரம்பியிருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்ப்பார்கள். அறைக்கு 2 நிமிடம். பன்னிரண்டு அறைக்கு 24 நிமிடம் என்பதால் நெரிசலில் ஒருவர் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் பெண்கள் பக்கம் இரண்டு பேர். இரண்டு அறைகளை மட்டும் மூடிக் கழுவி, திறந்துவிட்டு அடுத்த இரண்டுக்குப் போக வேண்டும். மொத்தத்தையும் மூடினால் வரிசை வாசலைத் தாண்டும்.

முழுக் கழுவல் ஆறு முறை: திறக்குமுன் ஆறரைக்கு, எட்டரைக்கு, தீர்த்தம் தெளித்த கூட்டம் ஓய்ந்ததும் பத்தே முக்காலுக்கு, இரண்டாம் பந்தி நடக்கும்போது, கடைசிப் பந்திக்குப் பிறகு, எல்லாம் முடிந்து பூட்டுமுன். ஒவ்வொரு வாசலிலும் ஓர் அட்டை தொங்கட்டும். நேரம், கையெழுத்து, வாளி, சோப்பு, குப்பைத்தொட்டி என்று ஐந்து கட்டம் போதும். மேற்பார்வையாளர் அட்டையை மட்டும் பார்க்கக் கூடாது, கதவைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

"எந்த மருந்து, எவ்வளவு?"

பிளீச்சிங் பவுடர் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி. மலமோ வாந்தியோ பட்ட இடத்துக்கு இந்த அளவு. தாழ்ப்பாள், குழாய்ப் பிடி துடைக்க இதில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். அன்றன்று கரைத்ததை அன்றே தீர்க்க வேண்டும், மறுநாள் அதில் வீரியம் இருக்காது. பொட்டலம் பழையதாகி நெடி குறைந்திருந்தாலும் பயனில்லை.

ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், சிறிய தகர அறைக்குள் நிற்பவருக்கு மூச்சுத் திணறும். இரண்டையும் ஒரே இடத்துக்கு வாங்கி அனுப்பாமல் இருப்பதே பாதுகாப்பு. சிறுநீர்த் தொட்டியில் முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பிளீச்சிங் கரைசல் ஊற்ற வேண்டும். சிறுநீரோடு நேரடியாகச் சேர்ந்தாலும் கண்ணெரிக்கும் வாயு வரும். பினாயில் வாசனை வந்தால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஈரத் தரைக்கு வைப்பர்தான் தேவை.

கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, பந்திக் குழாய்க்கு நீலத் துணி என்று பிரித்துக் கொடுங்கள். மாறிப்போனால் தூரத்திலிருந்தே தெரியும்.

"எத்தனை பணியாளர்கள் வேண்டும்?"

பெண்கள் பக்கம் இரண்டு பெண்கள், ஆண்கள் பக்கம் ஓர் ஆண், பந்திக் குழாயடியில் ஒருவர், மாற்றாளாக ஒருவர், தண்ணீர் மட்டமும் சோப்பும் லாரியும் பார்க்க ஒரு மேற்பார்வையாளர். ஆறு பேர். மேற்பார்வையாளர் கமிட்டியில் வேறு பொறுப்பு இல்லாதவராக இருக்கட்டும். பரிமாறுவதையும் சேர்த்துப் பார்ப்பவர் பன்னிரண்டு மணிக்குப் பந்தியில்தான் இருப்பார்.

எல்லோருக்கும் ரப்பர் கையுறையும் கணுக்கால் மூடும் காலணியும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். அவர்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதை விட்டுவிடுங்கள். பதினொன்றே காலுக்கு, அன்னதானம் தொடங்குமுன், அவர்களுக்கு முதல் இலை போடுங்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அவர்கள் நகர முடியாது. காலை ஆறு மணிக்கு வந்தவர்களைப் பசியோடு அந்த இரண்டு மணி நேரம் நிற்க வைப்பது நியாயமில்லை.

"ஆயிரம் என்று நினைத்தோம், ஆயிரத்து ஐந்நூறு வந்துவிட்டால்?"

அறைகளை அன்று கூட்ட முடியாது, ஆனால் மூன்று காரியம் உடனே செய்யலாம். ஆண்கள் பக்கத்து மூன்று அறைகளில் இரண்டைப் பெண்களுக்குத் திறந்துவிட்டு வாசலில் ஒரு பெண்ணை நிறுத்துங்கள். சிறு சுற்றை இருபது நிமிடத்துக்கு ஒன்றாக்குங்கள். பந்தியில் இலையைக் கூட்டாமல் பந்தியின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அப்போது குழாயடியில் நெரிசல் ஏறாது. தண்ணீருக்கு, பத்து மணிக்குத் தொட்டிகளின் மட்டத்தைப் பாருங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் அப்போதே இரண்டாவது லாரிக்குச் சொல்லிவிடுங்கள். வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும்.